தாமதத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 96 பக்கம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் ஆறு ஃபாரம். ஐந்து அச்சாகிவிட்டன. ஆறாவது ஃபாரத்தின் புரூஃப் மட்டும் பிழை திருத்துபவரின் மேசையில் இருக்கிறது. புதன்கிழமை மாலைக்குள் அவர் அதைத் தர வேண்டும். வியாழன் பிளேட் போட்டு அச்சடிப்பது, வெள்ளி மடிப்பும் பைண்டிங்கும், சனிக்கிழமை மலர்க்கமிட்டி கையில் கட்டுகள் என்பது ஏற்பாடு.

அவர் தந்தது வெள்ளிக்கிழமை மதியம். இரண்டு நாள்கூட இல்லை. ஆனால் வெள்ளி மாலை மெஷினில் வேறொருவரின் நோட்டீஸ் வேலை ஏறிவிட்டது. மலருக்கு மெஷின் கிடைத்தது சனி இரவு. ஞாயிறு விடுமுறை, திங்கள் பைண்டிங், கட்டுகள் போய்ச் சேர்ந்தது செவ்வாய். சனிக்கிழமை வர வேண்டியது மூன்று நாள் தள்ளிப் போய்விட்டது. ஒருவர் முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தவர் தொட முடியும் என்ற வேலைகளில் தாமதம் இப்படித்தான் வளரும். வரிசையில் இடம் போய்விட்டால், அடுத்த இடம் காலியாகும் வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை மடிப்பு வேலைக்கென்று வந்த நான்கு பெண்கள் தினக்கூலிக்காரர்கள். மதியம் வரை காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். லே-அவுட் செய்பவருக்கு எரிச்சல், மெஷின்மேனுக்கு ஒரு ராத்தூக்கம் போனது. இழப்பு ஒவ்வொருவருக்கும் வேறு வேறு.

இந்த நிலையில் பிழை திருத்துபவர் எழுதக்கூடிய கடிதம் ஒன்று எல்லா அலுவலகங்களிலும் தயாராகவே இருக்கிறது: 'தவிர்க்க முடியாத காரணங்களால் பணியில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுவிட்டது. இதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். அனைவரும் பொறுத்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' மரியாதையில் குறையில்லை. ஆனால் தாமதம் செய்த ஆள் அதில் இல்லை. யாருக்கு என்ன சிரமம் என்பதும் இல்லை. மெஷின்மேன் படித்தால், தான் சனி இரவு விழித்திருந்தது இவருக்குத் தெரியுமா என்ற கேள்விதான் அவர் மனதில் வரும்.

மன்னிப்புக் கோருதலில் எந்தப் பகுதி எடுபடுகிறது என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பேற்பது, இனி இப்படி நடக்காது என்பது, சரிசெய்து தருவதாகச் சொல்வது, மன்னிக்கும்படி கேட்பது என்று ஆறாகப் பிரித்து, 755 பேரிடம் சோதித்தார்கள். முதலிடம் பிடித்தது 'தவறு என்னுடையது' என்று பொறுப்பேற்பது. அடுத்தது, சரிசெய்து தருவது. கடைசி இடம், மன்னிக்கும்படி கேட்பதற்கு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் படித்தது வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கற்பனைக் கணக்கரின் மன்னிப்பை. தினமும் முகம் பார்க்கும் சகாக்களின் கோபதாபம் அதில் அடங்காது. இருந்தாலும், தயார்க் கடிதம் வருத்தத்துக்கும் மன்னிக்கக் கேட்பதற்கும் இடம் கொடுத்துவிட்டு, முக்கியமான இரண்டையும் விட்டுவிடுகிறது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

சரி, விளக்கம் எவ்வளவு சொல்லலாம்? பிழை திருத்துபவருக்கு உண்மையான காரணம் இருந்தது. ஆறாவது ஃபாரத்தில் நன்கொடையாளர் பட்டியல் ஏழு பக்கம். ஒவ்வொரு பெயரையும் இனிஷியலையும் கையெழுத்து நோட்டோடு ஒப்பிட வேண்டும். கட்டுரைப் பக்கம் ஓடுகிற வேகத்தில் பட்டியல் ஓடாது. செவ்வாய் இரவு இரண்டு பக்கம்தான் முடிந்திருந்தது. மீதி ஐந்து பக்கம் புதன் மாலைக்குள் முடியாது என்பது அப்போதே அவருக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கடிதத்தின் உயிர்நாடி இந்த இடம்தான். பட்டியல் கடினமாக இருந்ததை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் புதன் காலையிலேயே ஒரு போன் போட்டிருந்தால், மெஷின்மேன் நோட்டீஸ் வேலையை வியாழனுக்கு முன்னே தள்ளி, வெள்ளி மாலையை மலருக்கு ஒதுக்கியிருப்பார். நான்கு பெண்களையும் வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெரும்பாலான மன்னிப்புக் கடிதங்கள் ஏன் தாமதமானது என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. எப்போது தெரியும் என்பதைச் சொல்வதில்லை. காத்திருந்தவர்களுக்கு வலிப்பது அதுதான்.

அப்படியானால் கடிதம் இப்படி அமையலாம்:

'அனைவருக்கும் வணக்கம். ஆறாவது ஃபாரத்தைப் புதன் மாலை தர வேண்டியவன் வெள்ளி மதியம்தான் தந்தேன். நன்கொடைப் பட்டியலுக்கு ஆகும் நேரத்தைக் குறைவாகக் கணக்குப் போட்டது என் தவறு. முடியாது என்று செவ்வாய் இரவே தெரிந்தும் உங்களிடம் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. அதனால் மெஷின்மேன் அண்ணன் சனி இரவு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. மடிப்பு அக்காக்கள் நான்கு பேருக்கும் வெள்ளிக்கிழமைக் கூலி போனது. அந்தக் கூலியை இன்று முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். சனி இரவு நானும் அச்சகத்துக்கு வந்து முதல் தாளைப் பார்த்துக் கொடுக்கிறேன். கமிட்டியிடம் பேசிவிட்டேன், செவ்வாய்க்கிழமை என்று ஒப்புக்கொண்டார்கள். இனிமேல் பட்டியல் பக்கங்களை முதல் நாளே எடுப்பேன். கெடுவுக்கு முந்தின நாள் காலை, எத்தனை பக்கம் மிச்சம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவேன்.'

'இனிமேல் தாமதமே ஆகாது' என்று இதில் எங்கேயும் இல்லை. அப்படி எழுதாதது நல்லது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை உளவியலாளர்கள் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால் என்று கேட்டபோது சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கு மேல். மோசமான கணக்கும் பொய்த்தது. எனவே கடிதத்தில் தரும் புதிய தேதியைப் போன தடவை உண்மையில் ஆன நேரத்தை வைத்துப் போட வேண்டும், மனதிலிருக்கும் அவசரத்தை வைத்து அல்ல. மன்னிப்புக் கடிதத்தில் சொன்ன தேதியும் தவறினால் அடுத்த கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கடிதம் கெட்டுப்போகும் வழிகளில் அடிக்கடி காண்பது, பிறர் குறையை இடையில் செருகுவது. 'நோட்டில் கையெழுத்து சரியாக இல்லை', 'புரூஃபே தாமதமாகத்தான் வந்தது' என்று ஒரு வரி போதும், மன்னிப்பு வழக்காக மாறிவிடும். அது உண்மையாகவே இருந்தாலும் வேறொரு நாள் நேரில் பேச வேண்டிய விஷயம். உடம்பு சரியில்லாதது, வீட்டுப் பிரச்சினை போன்றவற்றை ஒரு வரியில் சொல்லலாம். அதற்கு மேல் போனால், வேலை தடைப்பட்டவர்களே எழுதியவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று, கடிதத்தை முந்திக்கொண்டு நேரில் போக வேண்டிய இடம் உண்டு. மடிப்பு வேலைக்கு வரும் பெண்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இருக்க மாட்டார்கள். அந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் படவே படாது. திங்கள் காலை அவர்கள் வேலைக்கு வந்ததும் பிழை திருத்துபவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூலி அதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்.