ஐந்து மாதத்தில் கரைந்த லாபம்

2007 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 44 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் அது 39 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கு இது என்ன செய்திருக்கும் என்பதை ஒரு கற்பனைக் கம்பெனியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பிப்ரவரியில் ஒரு லட்சம் டாலருக்கு டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது. நூல், சாயம், தையல், பேக்கிங் எல்லாம் சேர்ந்து செலவு 41.5 லட்சம் ரூபாய். டாலர் 44-இல் இருந்தால் லாபம் 2.5 லட்சம். ஆனால் சரக்கை அனுப்ப மூன்று மாதம், பையர் பணம் தர இன்னும் இரண்டு மாதம். ஜூலையில் டாலர் வரும்போது விலை 40.50. கைக்கு வருவது 40.5 லட்சம்தான், ஒரு லட்சம் நஷ்டம். துணியில் குறையில்லை, ஷிப்மென்ட் தாமதமில்லை. செலவு முழுக்க ரூபாயில், வரவு முழுக்க டாலரில் என்பதுதான் வினை.

இதற்கு வங்கியில் பார்வர்டு கான்ட்ராக்ட் உண்டு. ஜூலையில் தரப்போகும் டாலருக்கு பிப்ரவரியிலேயே விலை பேசிவிடுவது. பாதி டாலரை மட்டும் 44-க்குப் பேசியிருந்தாலும் மொத்த வரவு 42.25 லட்சம், முக்கால் லட்சம் லாபம். முழுவதையும் பேசாததற்கும் காரணம் உண்டு. பையர் ஆர்டரைக் குறைத்தாலோ ரத்து செய்தாலோ, வங்கிக்கு ஒப்புக்கொண்ட டாலர் வராது. அப்போது டாலர் விலை ஏறியிருந்தால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். இன்னொரு வழி, பாக்கிங் கிரெடிட்டை டாலரிலேயே கடனாக வாங்குவது. வாங்கியதும் ரூபாயாக மாற்றிச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, பையர் தரும் டாலரிலேயே கடனை அடைத்துவிடலாம்.

அந்தக் காலத்தில் பலர் மூன்றாவதாக ஒன்றில் இறங்கினார்கள். முன்பணம் இல்லை என்று சொல்லி, டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விலையோடு கட்டிய ஆப்ஷன்களை வங்கிகள் விற்றன. திருப்பூர்க்காரரின் வரவு டாலர், செலவு ரூபாய். பிராங்குக்கு அங்கே என்ன வேலை? 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனபோது பலருக்கும் பெரும் இழப்பு வந்தது. வழக்குகள் நீதிமன்றம் ஏறின. என் பார்வையில் அதைக் காப்பீடு என்று சொல்லவே முடியாது.

விவாதிக்கச் சில கேள்விகள்: இந்தக் கம்பெனி எத்தனை சதவீத டாலருக்கு முன்கூட்டியே விலை பேசியிருக்க வேண்டும்? ஒரே பையரை நம்பியிருந்தால் அந்த அளவு மாறுமா? 2008 இறுதியில் டாலர் 50 ரூபாயைத் தொட்டது. அதற்குச் சில மாதம் முன்பு 40-க்குப் பேசிவைத்தவர் தவறு செய்தாரா? விலையை ரூபாயிலேயே கேட்டால் பையர் ஒப்புக்கொள்வாரா, அல்லது ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடுமா?