மிச்சம் 5 லட்சமா, 1 லட்சமா?

கோயில் அறக்கட்டளையின் பொதுக்குழுவில் பொருளாளர் ஆண்டறிக்கையை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்டியல், அர்ச்சனைச் சீட்டு, நன்கொடை எல்லாம் சேர்த்து வரவு 12 லட்சம். செலவு 7 லட்சம். "மிச்சம் 5 லட்சம் இருக்கே, மண்டபத்துக்கு ஓடு மாத்தலாமே?" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும்.

மாற்ற முடியாது. அந்த வரவில் 4 லட்சம், அன்னதானத்துக்கு நிரந்தர வைப்பாக வந்த மூலதன நிதி. அசலைத் தொடாமல் வட்டியை மட்டுமே செலவழிக்க வேண்டும். நிஜமான உபரி 1 லட்சம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது நன்கொடையாளரின் கடிதம். பதிவு பெற்ற அறக்கட்டளை, வருமானத்தில் 85 சதவீதத்தையாவது நோக்கத்துக்குச் செலவழித்தால்தான் முழு வரிவிலக்கு. 8 லட்சத்துக்கு 6.80 லட்சம் போதும்; 7 லட்சம் செலவாகிவிட்டது. "மூலதன நிதிக்கு" என்று எழுதிய கடிதம் இல்லையென்றால் 12 லட்சமும் வருமானம். அப்போது 10.20 லட்சம் செலவாகியிருக்க வேண்டும், 3.20 லட்சம் குறைகிறது. எதிர்காலச் செலவுக்கென ஒதுக்கி, அதற்கான படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் அதற்கு வரி விழும்.

ரசீதுப் புத்தகத்தில் வெறுமனே 'நன்கொடை' என்று கிறுக்கிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம்.