வியர்வை போகட்டும், மடிப்பு இருக்கட்டும்

தீபாவளிக்கு முந்திய வாரம் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ எடுத்த குடும்பப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். புடவைகள் பளிச்சென்று இருக்கும். சட்டை போட்டவர்களின் அக்குளிலும் மார்பிலும் மட்டும் கருந்திட்டுகள் தெரியும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் காயாமல் துணியிலேயே தங்கிவிடுகிறது. வெளிர்நீலமும் சாம்பலும் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

கணினியில் அந்தத் திட்டை நீக்குவது கடினமில்லை. நீக்கிய பிறகும் சட்டை சட்டையாக இருப்பதுதான் கடினம். என் பெரியப்பாவின் படத்தில் இதை நேரில் பார்த்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட வீட்டில் தேர்ந்தெடுத்த படம் அது. பருத்தித் துணியில் வெளிர்நீல முழுக்கைச் சட்டை, முகத்தில் நல்ல சிரிப்பு, வலது அக்குளிலிருந்து மார்பு வரை ஈரம். ஒரு கடையில் கொடுத்துத் திருத்தி வாங்கினார்கள். ஈரம் போயிருந்தது, அதோடு மடிப்பும் போயிருந்தது. பாதிச் சட்டை பிளாஸ்டிக் பலகைபோல இருந்தது. பெரியம்மா படத்தைக் கையில் வாங்கியதும், “இது அவர் சட்டையே இல்லையே” என்றார். அதன் பிறகுதான் மூலப்படத்தை வாங்கி நானே உட்கார்ந்தேன்.

ஈரம் ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

உலர்ந்த துணியின் நூலிழைகளுக்கு இடையே காற்று இருக்கிறது. இழையும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி சிதறி, பெரும்பகுதி நம் கண்ணுக்கே திரும்புகிறது. அந்த இடைவெளியைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் சிதறல் குறைகிறது. ஒளி துணிக்குள் ஆழமாகப் போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் ஒளி குறைவதால் துணி இருண்டு தெரிகிறது, நிறமும் கொஞ்சம் அழுத்தமாகிறது.

ஆகவே வியர்வைத் திட்டு என்பது துணியின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. அதே துணி, அதே மடிப்பு, ஒளி மட்டும் குறைவு. அழுக்கை மறைப்பதுபோல அதன்மேல் பக்கத்துத் துணியை ஒட்டினால் அடியில் இருக்கும் மடிப்பும் மறைந்துபோகும். செய்யவேண்டியது ஒட்டுவது அல்ல, குறைந்த ஒளியைத் திருப்பித் தருவது.

நான்கு இடங்களை அளந்து பாருங்கள்

எவ்வளவு ஒளி தருவது என்பதைக் கண் மதிப்பில் விடக்கூடாது. போட்டோஷாப்பில் Info பலகையைத் திறந்து சுட்டியைச் சட்டைமேல் நகர்த்தினால் அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் தெரியும். உலர்ந்த பகுதியில் ஒரு மடிப்பின் மேடு, அதன் பள்ளம். ஈரப்பகுதியிலும் அதேபோல ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று நான்கு இடங்களை எடுக்கவேண்டும். மேட்டை மேட்டோடும் பள்ளத்தைப் பள்ளத்தோடும்தான் ஒப்பிடவேண்டும். ஒரே மாதிரி வெளிச்சம் விழும் இடங்களாகவும் இருக்கவேண்டும்.

பெரியப்பா சட்டையில் சிவப்பை மட்டும் சொல்கிறேன். உலர்ந்த மேடு 150, உலர்ந்த பள்ளம் 84. ஈரமான மேடு 104, ஈரமான பள்ளம் 60. மேட்டில் 46 குறைந்திருக்கிறது, பள்ளத்தில் 24 மட்டுமே. திட்டு முழுவதற்கும் ஒரே அளவாக 46 கூட்டினால் மேடு சரியாகிவிடும். பள்ளமோ 84க்குப் பதில் 106 ஆகும். நிழல் வெளுத்து, மடிப்பு பால் ஊற்றியதுபோல் மங்கும். வெறும் பிரகாசத்தைக் கூட்டித் திருத்திய படங்கள் போலியாகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு Curves என்ற கருவி வேண்டும். அதைத் தனி அடுக்காகச் சேர்த்து, Red பட்டியலில் இரண்டு புள்ளிகள் வைத்தேன்: 60ஐ 84க்கும், 104ஐ 150க்கும் ஏற்றினேன். பச்சைக்கும் நீலத்துக்கும் அவற்றின் எண்களைக்கொண்டு இதையே செய்தேன். மூன்றையும் தனித்தனியாகத் திருத்துவதால் அழுத்தமாகியிருந்த நிறமும் தானாகப் பழைய நிலைக்கு வருகிறது. இப்போது படம் முழுவதும் வெளுத்திருக்கும், பதற வேண்டாம். அடுக்கின் முகமூடியில் Ctrl+I அழுத்தினால் மாற்றம் முழுவதும் மறையும். பிறகு ஓரம் மிருதுவான தூரிகையில் வெள்ளை எடுத்து, Flow 20 விழுக்காட்டில் வைத்து, ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும் தடவவேண்டும்.

நேரம் பிடிப்பது விளிம்பில்தான். வியர்வை நூல் வழியே ஊறிப் பரவுவதால் அதன் ஓரம் சில இடங்களில் கூர்மையாகவும் சில இடங்களில் கரைந்தும் இருக்கும். தூரிகையின் மிருதுவும் அதற்கேற்ப மாறவேண்டும். உள்ளே நின்றுவிட்டால் கறுப்பு வளையம் மிஞ்சும். வெளியே தாண்டினால் வெள்ளை வளையம் தோன்றும். இதைப் பிடிக்க ஓர் எளிய வழி, மேலே தற்காலிகமாக ஒரு Black & White அடுக்கு போட்டுப் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. நிறம் இல்லாதபோது வளையம் உடனே கண்ணில் படும்.

ஒளி தந்தும் தீராதவை

ஈரத்துணி உடம்பில் ஒட்டிக்கொண்ட இடத்தில் மடிப்பே வேறாக இருக்கும். பெரியப்பாவின் அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் அப்படி இருந்தது. அங்கே மட்டும் புதிய வெற்று அடுக்கில் Clone Stamp கொண்டு, இடது பக்கத்து உலர்ந்த மடிப்பைத் திருப்பிப்போட்டுக் கொண்டுவந்தேன். வெளிச்சம் வரும் திசை மாறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சின்ன இடமாக இருக்கும்வரை இது கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளைச் சட்டை வேறு கதை. நனைந்தால் உள்ளே தோல் தெரியும். அங்கே இருப்பது தோலின் நிறம் என்பதால் ஒளியைக் கூட்டினால் துணி திரும்பி வராது. அந்த அளவு நனைந்த படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுவதே மேல்.

இன்னொரு தடை வாட்ஸ்அப். மேலே சொன்ன கணக்கில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருந்த 44 என்ற இடைவெளியை 66 ஆக இழுக்கிறோம். இருட்டில் ஒளிந்திருக்கும் புள்ளிகளும் சதுரக் கட்டங்களும் அதே ஒன்றரை மடங்கு பெரிதாகும். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் சுருக்கிவிடுவதால் இந்தக் கட்டங்கள் கூடும். எடுத்தவரிடம் மூலக்கோப்பைக் கேளுங்கள், Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோஷாப் இல்லாதவர்கள் உலாவியில் இயங்கும் போட்டோபீயா என்ற இலவசச் செயலியில் இதே முறையைச் செய்யலாம்.

இதெல்லாம் வீட்டுப் படத்துக்கு. செய்திப் படத்தில் வியர்வையைத் தொடக்கூடாது. தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறியவரின் நனைந்த உடை, நடந்ததற்குச் சாட்சி. 2007இல் பிரெஞ்சு அதிபர் சர்க்கோசி படகோட்டும் படத்தில் அவர் இடுப்புச் சதையைக் குறைத்து வெளியிட்ட பாரி மாட்ச் இதழ், அது வெளியே தெரிந்ததும் உலகம் முழுவதும் கேலிக்கு ஆளானது.

வீட்டிலும் எதை எடுப்பது என்பதை உரியவரிடம் கேட்டுவிடுவது நல்லது. நெற்றியில் மினுங்கிய இரண்டு துளிகளையும் துடைத்துவிடவா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “அது இருக்கட்டும்பா, அவர் எப்பவும் அப்படித்தானே இருப்பார்” என்றார். விட்டுவிட்டேன்.

பெரிய அளவில் அச்சிடுமுன் 4ஆர் அளவில் ஒரு பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். திரையில் ஒளிந்திருந்த வளையம் தாளில் தெரிந்துவிடலாம். எந்த இடத்தில் திருத்தினீர்கள் என்பதை விவரம் தெரியாத ஒருவரிடம் கேளுங்கள். அவர் விரல் சரியான இடத்தில் போய் நின்றால், முகமூடியின் ஓரத்தில் இன்னும் வேலை இருக்கிறது.