பதினாலு ரூபாய் வெயிலும் ஐந்து ரூபாய் வெயிலும்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலை வேலை வாங்கும் சாமான்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். இன்னொன்று பழைய சூட்கேஸ் அளவில் இருக்கும் சோலார் குக்கர். மூடியின் உட்புறம் கண்ணாடி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த நாலு டப்பா. ஹீட்டருக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய் ஆனது, பைப் வேலையும் சேர்த்து. குக்கர் 5,000. பணம் எது முதலில் திரும்பும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஹீட்டரை விற்பவர்கள் 100 லிட்டரையும் 60 டிகிரிக்குச் சூடாக்க மின்சாரத்தில் எவ்வளவு ஆகும் என்று காட்டுவார்கள். நாலு யூனிட் வரும். அது சரியான கணக்குதான், ஆனால் நம் வீட்டுக் கணக்கு இல்லை. சூடான தண்ணீரை அப்படியே யாரும் தலையில் ஊற்றிக்கொள்வதில்லை. பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்கிறோம். மிச்சமாவது, முன்பு கீசர் எவ்வளவு ஓடியதோ அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நாலு பேர். 2 கிலோவாட் கீசர் காலையில் விட்டுவிட்டு மொத்தம் ஒரு மணி நேரம் ஓடும். ஆக, நாளைக்கு 2 யூனிட்.

அந்த 2 யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக விலை ஏறும். ஹீட்டர் குறைப்பது உச்சிப் படியில் இருக்கும் யூனிட்டுகளைத்தான். எங்களுக்கு அந்தப் படியில் யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். மழை, மேகமூட்டம், தண்ணீரே காய வேண்டாத சித்திரை வெயில் எல்லாம் கழித்து, வருஷத்தில் 250 நாள். நாளைக்கு 14 ரூபாய், வருஷத்துக்கு 3,500. 25,000 ரூபாய் திரும்ப ஏழு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து, யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் கீழே இருக்கும் படியிலேயே நிற்கிற வீட்டுக்கு இதே ஹீட்டர் இருபது வருஷம் எடுக்கும். அவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. எட்டுப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம் 200 லிட்டர் வைத்தால் கதையே வேறு: மிச்சம் இரட்டிக்கும், விலை இரட்டிக்காது. 35,000 ரூபாய் ஆனாலும் ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது ஒரு சுவிட்ச். மேகம் போட்ட நாளுக்காக என்று டாங்கிக்குள்ளேயே ஒரு கரண்ட் காயில் வைத்துத் தருகிறார்கள். அதைப் போட்டால் நாம் குளிக்கும் தண்ணீர் மட்டுமல்ல, டாங்கி முழுக்கச் சூடாகும். ஒரு காலைக்கே மூன்றரை யூனிட் போய்விடும். பழைய கீசரைக் கழற்றாமல் விட்டு, மழை நாளில் அதைப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

இன்னொன்று தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஹீட்டருக்குக் கவலை இல்லை. போர் தண்ணீர் என்றால் குழாய்களுக்குள் உப்பு வெள்ளையாகப் படியும், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் சூடு குறையும். குழாய் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றின் அடி நுனியிலும் முகம் பார்க்கலாம் போல ஒரு வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் இரண்டு கண்ணாடிச் சுவருக்கும் இடையில் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குழாய் இனிமேல் சூட்டைப் பிடித்து வைக்காது. எங்கள் மாடியில் பத்தில் ஒன்று அப்படி வெளுத்துப் போய், மாற்றினோம். டாங்கியைக் காலி செய்தால் திரும்ப நிரப்புவது விடியற்காலையில்தான். நண்பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி படாரென்று விடும்.

இனி குக்கர். அதில் அரிசியும் பருப்பும் வேக இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். பத்து மணிக்குள் வைத்துவிட வேண்டும். தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைவாகப் போதும், ஆவியாகப் போவது கம்மி. மூடியின் கண்ணாடியை வெயில் போகிற போக்கில் முக்கால் மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் சேர்ந்த சூடு ஓடிவிடும். தோசை, வதக்கல், தாளிப்பு எதுவும் நடக்காது. மத்தியானம் திடீரென்று மேகம் கூடினால் அரைவேக்காட்டுப் பருப்பைக் கீழே தூக்கிக்கொண்டு ஓடி கேஸில் ஏற்ற வேண்டியதுதான். இளஞ்சூட்டில் அப்படியே வைத்திருந்தால் புளித்துப் போகும்.

மிச்சம் எவ்வளவு? எங்களுக்கு ஒரு சிலிண்டர் 45 நாள் வரும். 14.2 கிலோவை 45ஆல் வகுத்தால் நாளைக்கு 315 கிராம். சாதம், பருப்பு இரண்டும் பிரஷர் குக்கரில் வேகின்றன. நாலில் ஒரு பங்குகூட எடுக்காமல் போகலாம், தாராளமாக 80 கிராம் என்று வைத்துக்கொண்டேன். சோலார் குக்கருக்கு உண்மையான போட்டி கேஸ் அடுப்பு இல்லை, அந்தப் பிரஷர் குக்கர்தான். அது ஏற்கனவே கேஸைக் குறைத்துவிட்டதால், வெயில் குறைப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சிலிண்டர் 900 ரூபாய் என்றால், 80 கிராம் ஐந்து ரூபாய். ஒரு சிலிண்டர் மிச்சமாக 177 நாள் சமைக்க வேண்டும். போட்ட 5,000 ரூபாய் திரும்ப ஏறக்குறைய 980 நாள் சமைக்க வேண்டும்.

வருஷத்துக்கு 250 நாள் சமைத்தால் நாலே வருஷம். ஹீட்டரைக் குக்கர் தோற்கடித்துவிடும். 100 நாள்தான் என்றால் பத்து வருஷம். ஹீட்டருக்கு நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. நாம் ஊருக்குப் போனாலும் அது காயும், திரும்பி வந்த இரவு சுடுதண்ணீர் இருக்கும். குக்கருக்கோ பகல் முழுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் நேரத்துக்கு என் கணக்கில் நான் ஒரு பைசாகூடப் போடவில்லை.

ஆரோவில்லில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமையல் செய்ய உதவுகிறது. அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்வதே சிலருக்கு வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுக்கு.

"வெயிலுக்கும் காவல் இருக்கணும், பூனைக்கும் காவல் இருக்கணும்டா" என்றார் ஒரு நாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியபடி.

"அப்ப விட்டுடுங்கம்மா, கேஸ்லயே வச்சுக்கலாம்."

"பருப்பு பூவா வேகுது. அதை எப்படி விடறது?"

சமைத்த நாளை எல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். போன வருஷக் காலண்டரைக் கழற்றும்போது எண்ணிப் பார்த்தேன். 61 வட்டம் இருந்தது. ஆடி மாசப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.