பிஸ்கட் பிராண்ட் மேனேஜரின் முதல் 90 நாள்

நான்கைந்து மாவட்டங்களில் மட்டும் விற்கும் ஒரு பிஸ்கட் கம்பெனி. அதில் பிராண்ட் மேனேஜராகப் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வாரமே கை பரபரக்கும். உறையின் நிறத்தை மாற்றலாமா, விளம்பரம் எடுக்கலாமா என்று தோன்றும். இரண்டும் செலவு பிடிக்கிற வேலைகள். பாக்கெட் எந்த இடத்தில் தேங்குகிறது என்று தெரியாமல் அவற்றில் இறங்கக் கூடாது. முதல் 90 நாளும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

முதல் 30 நாள் சேல்ஸ்மேனோடு லைனுக்குப் போக வேண்டும். கம்பெனிக் கணக்கில் விற்பனை என்று எழுதப்படுவது பெரும்பாலும் ஏஜென்சிக்கு அனுப்பிய பெட்டிகளைத்தான். மாதக் கடைசியில் இலக்கை எட்ட ஏஜென்சியின் தலையில் சரக்கைக் கட்டிவிட்டால், ஏட்டில் விற்பனை ஏறும். சரக்கோ குடோனில் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கடையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பி, தயாரித்த தேதியைப் பார்த்தால் போதும். ஒரு மாதத்துக்குள் தயாரானது என்றால் சரக்கு ஓடுகிறது. நான்கு மாதம் பழையது என்றால் எங்கோ தங்கி வந்திருக்கிறது. ஈரப்பதம் ஏறி நமுத்துப்போன பிஸ்கட்டை ஒருமுறை தின்றவர் அடுத்த முறை வேறு பெயரைக் கேட்பார். அதை எந்த விளம்பரத்தாலும் சரிக்கட்ட முடியாது.

அடுத்த 30 நாள் கணக்குக்கு. ஒரு லைனில் 40 கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது நம் 10 ரூபாய் தேங்காய் பிஸ்கட்டை வாங்கியவை 26. கடந்த ஒரு மாதத்தில் மறுபடி வாங்கியவை 10 மட்டுமே. நடுவில் நழுவிப்போன 16 கடைகளைப் பார்த்ததும், ‘சரக்கு பிடிக்கவில்லை’ என்று அலுவலகத்தில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அந்த 16 கடைகளுக்கும் நேரில் போனால் வேறு கதை தெரியலாம். ஏழு கடைகளில் பழைய பாக்கெட் அப்படியே இருக்கிறது. ஒன்பது கடைகளில் சரக்கு என்றோ தீர்ந்துவிட்டது. “போன மாசமே முடிஞ்சுபோச்சு சார், கேட்டு வர்றவங்களுக்கு வேற குடுக்கறோம். உங்க ஆள் இந்தப் பக்கமே வரலை” என்கிறார் கடைக்காரர். விற்காமல் கிடப்பதும், விற்றுத் தீர்ந்தபின் ஆள் வராததும் ஏட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்: ஆர்டர் இல்லை. முதலாவது சரக்கின் கோளாறாக இருக்கலாம். இரண்டாவது நிச்சயம் லைனின் கோளாறு.

எனவே கடைசி 30 நாளில் ஒரே ஒரு சோதனை போதும். ஒரு ஏஜென்சியின் பகுதியில் மட்டும், இரு வாரத்துக்கு ஒருமுறை போன சேல்ஸ்மேனை வாரந்தோறும் அனுப்ப வேண்டும். பழைய பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியது தர வேண்டும். அதே அளவுள்ள இன்னொரு ஏஜென்சியில் எதையும் மாற்றக் கூடாது. கோடை விடுமுறை, தீபாவளி போன்ற காலங்களில் விற்பனை தானாகவே ஏறி இறங்கும். மாற்றம் செய்யாத பகுதியை அருகில் வைத்துப் பார்த்தால்தான் நம் வேலையால் கூடியது எவ்வளவு என்று புரியும்.

எண்ண வேண்டியது பெட்டிகளை அல்ல, மறுபடி வாங்கிய கடைகளை. நம் லைனில் 10 கடை 17 ஆகி, மற்ற பகுதியில் 10 கடை 11 ஆகியிருந்தால் சோதனை பலித்திருக்கிறது.

ஆனாலும் கட்டுப்படியாகுமா என்று பார்க்காமல் கொண்டாடக் கூடாது. அந்த லைனில் மாத விற்பனை 7,000 ரூபாய் கூடியது, ஏஜென்சிக்கு 8 விழுக்காடு கமிஷன் என்று கொண்டால், அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 560 ரூபாய். சேல்ஸ்மேன் கூடுதலாகப் போன இரண்டு நாளுக்குச் செலவு 1,200 ரூபாய் என்றால், 640 ரூபாய் அவர் கையைக் கடிக்கும். அடுத்த மாதமே பழையபடி இரு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிவிடுவார். கம்பெனிக்கு அந்த 7,000 ரூபாயில் 20 விழுக்காடு, அதாவது 1,400 ரூபாய், மிஞ்சுமானால், அதில் 700 ரூபாயை ஏஜென்சிக்குத் தரலாம். அப்போதுதான் இருவருக்கும் லாபம்.

பழைய சரக்கு கிடந்த ஏழு கடைகளையும் மறக்கக் கூடாது. புதிய பாக்கெட் வைத்தபின்னும் அங்கே ஓடவில்லை என்றால், அப்போதுதான் சுவை, எடை, உறை ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அதே 10 ரூபாய்க்குப் போட்டிப் பாக்கெட்டில் எத்தனை கிராம் இருக்கிறது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

90ஆம் நாள் முதலாளியின் மேசைக்குப் போக வேண்டிய அறிக்கை ஒரு பக்கம்தான்: எங்கே தேங்குகிறது, எதை மாற்றிப் பார்த்தோம், எத்தனை கடை திரும்பி வந்தது, ஒரு லைனுக்கு என்ன செலவு. மக்கள் மனத்தில் பிராண்டின் பெயர் உயர்ந்ததா என்று மூன்று மாதத்தில் சொல்ல முடியாது. அதைச் சொல்வதாக அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது.