உங்களுக்குத் தெரியுமா? 9 எழுத்துக்கு 16 கணக்கு!

‘மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதிவிட்டு விரல் விட்டு எண்ணுங்கள். மொ, ழி, பெ, ய, ர், ப், பா, ள, ர். ஒன்பது எழுத்துதானே? கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிவிட்டு அது சொல்லும் விடை 16!

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்களுக்கு லிங்க்ட்இன் பக்கம்தான் கடை. கடைக்குப் பெயர்ப்பலகை, பெயருக்குக் கீழே வரும் அந்த ஒற்றை வரி. அந்த வரிக்குக் கிடைக்கும் இடம் 220 குறிகள்தான். தொழிலின் பெயரைத் தமிழில் சொன்ன மாத்திரத்திலேயே 16 காலி!

அதுவாவது பரவாயில்லை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 குறிகள் அடங்கும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தால் போதும், அளவு சட்டென்று 70-க்கு இறங்கிவிடும். ‘உங்கள் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டது’ என்று வங்கிக்காகத் தமிழாக்கம் செய்பவர் எண்ணி எண்ணித்தான் எழுத வேண்டும். ‘குறுஞ்செய்தித் தமிழாக்கம்’ என்று ஒருவர் தனித்திறமையாகப் போட்டுக்கொள்கிறாரா? சிரிக்காதீர்கள். அது 70 கட்டத்துக்குள் ஆடும் ஆட்டம்!

வேலை கேட்டு ஒரு மாதிரி மொழிபெயர்ப்பு அனுப்பினீர்கள். வாடிக்கையாளர் திறந்து பார்த்தார். திரையில் jkpo; என்று இருக்கிறது. என்ன மொழி இது? தமிழேதான்! ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், உள்ளே பதிவாவது j, k, p, o, ; என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர் உள்ளதை உள்ளபடியே காட்டிவிடும். எத்தனை அழகான தமிழாக்கமாக இருந்தால் என்ன? முதல் பார்வையிலேயே அவுட்!

தப்பிக்க வழி யூனிகோட். தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. அனுப்பும் முன் உங்கள் மாதிரியில் ஒரு சொல்லை எடுத்து கூகுளில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் பிழைத்தீர்கள். சோதனைக்கு ஆகும் நேரம் 5 விநாடி!

‘எல்லாத் துறையும் செய்வேன்’ என்று போட்டால் வேலை குவியும் என்று நினைக்கிறீர்களா? 1999-இல் தொடங்கிய ProZ.com தளத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்கிறார்கள். உங்கள் பதிலே சிறந்தது என்று கேட்டவர் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு 4 புள்ளி. அந்தப் புள்ளி பொதுக்கணக்கோடு நின்றுவிடாது. எந்த மொழி இணை, எந்தத் துறை என்று பிரித்து ஏறும். மருத்துவத்தில் பதில் சொன்னால் மருத்துவத்தில்தான் பெயர் மேலே போகும். வாயால் சொல்லும் தனித்திறமைக்கு அங்கே 0!

நீங்கள் சட்டத்தமிழ் அறிந்தவரா? அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சொல் போதும். ஒப்பந்தத்தில் வரும் ‘கன்சிடரேஷன்’. அகராதியைப் புரட்டியவர் ‘பரிசீலனை’ என்று எழுதுவார். சட்டம் தெரிந்தவர் ‘மறுபயன்’ என்பார். ஒப்பந்தத்தில் ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது அது. ‘பரிசீலனைக்காக வீட்டை விற்கிறேன்’ என்று பத்திரம் எழுதினால் எப்படி இருக்கும்!

அதே பத்திரத்தில் ‘எக்ஸிக்யூட்’ என்றும் வரும். பத்திரம் எழுதிக்கொடுத்தல் என்று அர்த்தம். அகராதியில் கொஞ்சம் கீழே இறங்கினால் ‘மரண தண்டனை நிறைவேற்றுதல்’ என்றும் இருக்கும். ஒரே சொல். ஒருபக்கம் பத்திரம், மறுபக்கம் தூக்குமேடை!

ஒருவர் சிங்கப்பூருக்குத் தமிழாக்கம் செய்வேன் என்கிறாரா? ‘வீவக’ என்றால் என்ன என்று கேளுங்கள். சென்னைக்காரர் விழிப்பார். அங்குள்ள தமிழர்களுக்கு அது அன்றாடச் சொல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்! இலங்கைக்கு என்றால் மருத்துவமனை ‘வைத்தியசாலை’ ஆகும், பள்ளிக்கூடம் ‘பாடசாலை’ ஆகும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்று மட்டும் போட்டால் போதாது. எந்த ஊர்த் தமிழுக்கு?

இப்போது வருகிறது நான் கண்டெடுத்தவற்றிலேயே முத்து. மாத்திரை அட்டையில் ‘எவரி ஃபோர் டு சிக்ஸ் ஹவர்ஸ்’ என்று இருக்கிறது. ஒருவர் எழுதினார்: ‘4 முதல் 6 மணிக்கு ஒரு மாத்திரை.’ சரியாகத்தானே இருக்கிறது? மறுபடி படியுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஒரு மாத்திரை என்றல்லவா ஆகிவிட்டது! சரியான தமிழ்: ‘4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை.’ விட்டுப்போனது ‘நேரம்’ என்ற ஒரே சொல்!

இந்தப் பிழையை எப்படிப் பிடிப்பார்கள்? தமிழை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்வார்கள். மூல ஆங்கிலத்தை அவர் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். அவர் ‘நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருவார். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு உடைந்தது! மருந்துப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்கும்போது தரும் ஒப்புதல் படிவங்கள் இந்தச் சல்லடையில் அடிக்கடி விழும். இதற்குப் பெயர் ‘பின்மொழிபெயர்ப்பு’!

ஆனால் சல்லடையிலும் ஓட்டை உண்டு! ‘மறதி’யை ‘விஸ்மிருதி’ என்று எழுதினால் என்ன ஆகும்? ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும்போது சரியான சொல்லாகவே போய்ச் சேரும். பரிசோதகர் சபாஷ் போடுவார். நோயாளிக்குத்தான் ஒன்றும் விளங்காது. பொருள் பிழையைப் பின்மொழிபெயர்ப்பு பிடிக்கும். புரியாத தமிழைப் பிடிக்கவே பிடிக்காது!

அதற்காகத்தான் நோயாளிகளிடமே படித்துக் காட்டுகிறார்கள். வலி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்கும் வினாத்தாள்களை முதலில் இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக்குவார்கள். அப்புறம் பின்மொழிபெயர்ப்பு. கடைசியில் நிஜ நோயாளிகளை உட்காரவைத்து ‘இந்தக் கேள்வியிலிருந்து உங்களுக்கு என்ன புரிந்தது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். 2005-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் எண்ணிக்கை வெறும் 5 முதல் 8 பேர்!

எஸ்எஃப்-36 என்று உலகப்புகழ் பெற்ற வினாத்தாள் ஒன்று உண்டு. அமெரிக்கப் பிரதியில் ஒரு கேள்வி: ‘ஒரு பிளாக் தூரம் நடக்க முடிகிறதா?’ ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை என்று அர்த்தம். நம் ஊர்த் தெருவில் முனை எங்கே, முடிவு எங்கே? பல மொழிகளில் அந்த பிளாக்கைத் தூக்கிவிட்டு வைத்த தூரம் 100 மீட்டர்!

உங்கள் மாதிரியில் இப்படி ஒரு மாற்றம் செய்தீர்களா? கீழே ஒரு வரிக் குறிப்பு போடுங்கள்: ‘பிளாக் என்பதை 100 மீட்டராக்கினேன், காரணம் இது.’ மாதிரியைப் பார்ப்பவருக்கு உங்கள் மண்டைக்குள் ஓடியது தெரியும். முந்நூறு சொல் தமிழாக்கம் சொல்லாததை அந்த ஒரே வரி சொல்லிவிடும்!

நீங்கள் செய்த ஆகச்சிறந்த வேலையை ஊருக்குக் காட்டவே முடியாது, தெரியுமா? ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சரி, பிடித்த நாவலில் ஒரு அத்தியாயம் போடலாமா? நில்லுங்கள்! 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமை வைத்திருப்பவருடையதுதான். எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டு! 1970-இல் மறைந்தவர் என்றால் 2030 முடியும் வரை அனுமதி கேட்டாக வேண்டும்.

அப்படியென்றால் மாதிரிக்கு எங்கே போவது? நாசாவுக்குப் போங்கள்! அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் வேலையின் பகுதியாக எழுதும் எதற்கும் அந்த நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. விண்வெளியா, நோய்த்தடுப்பா, மருந்து எச்சரிக்கையா? உங்கள் துறைக்கு ஏற்றபடி 300 சொல் எடுங்கள். வெளியாள் எழுதியது, வெளியாள் படம் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் 0 டாலர்!

இன்னொரு வழி இன்னும் எளிது. மருந்துச் சீட்டு மாதிரி ஒன்றை ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். நீங்களே தமிழாக்குங்கள். மூலமும் உங்களுடையது, தமிழும் உங்களுடையது. வழக்குப் போட ஆளே இல்லை!

‘வரமுடியாதவர்களுக்காகவும்.’ எத்தனை சொல்? ஒன்று! இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் வேண்டும். கூலியை மட்டும் தமிழ்ச் சொல் கணக்கில் பேசிவிடாதீர்கள். 1,000 சொல் ஆங்கிலம் தமிழில் 800 ஆகிறது என்று வையுங்கள். சொல்லுக்கு 2 ரூபாய் வீதம் உங்கள் பையிலிருந்து நழுவியது 400 ரூபாய்! ‘மூலச் சொல் கணக்கில்’ என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பட்டம் இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரலாமா? தாராளமாக! 2015-இல் வந்த ஐஎஸ்ஓ 17100 என்ற உலகத் தரம் மூன்று கதவு திறந்துவைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் பட்டம். வேறு பட்டம் இருந்தால் அதோடு 2 ஆண்டு முழுநேர அனுபவம். பட்டமே இல்லையா? 5 ஆண்டு முழுநேர அனுபவம்! அதனால் ‘நெடுநாள் அனுபவம்’ என்று எழுதாதீர்கள். ஆண்டை எண்ணில் போடுங்கள்.

அதே தரம் இன்னொன்றும் சொல்கிறது. மொழிபெயர்த்தவரே நூறு தடவை சரிபார்த்தாலும் போதாது. மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் வைத்து வேறொருவர் பார்த்தாக வேண்டும். ஒரு பக்கத் தமிழுக்குக் கண்கள் 4!

கடைசியாக ஒன்று. வேலை கொடுக்கும் நிறுவனம் கடல்கடந்து இருக்கிறது. உங்கள் பக்கத்தைத் திறக்கும் அதிகாரிக்குத் தமிழில் ‘அ’கூடத் தெரியாது. பிறகு உங்கள் மாதிரி நன்றாக இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? தங்களிடம் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அவரும் அதே வேலைக்குக் காத்திருப்பவர்தான். ஆம்! உங்கள் மாதிரிக்கு மார்க் போடுபவர் உங்கள் போட்டியாளர்! ‘மணிக்கு’ என்று எழுதியிருந்தால் அவர் விடுவாரா?