கக்கிய கையோடு மீண்டும் பசி

ஐந்து வாரமான ஆண் குழந்தை. வீட்டுக்கு முதல் பிள்ளை. பிறக்கும்போது மூன்று கிலோ, மூன்றாவது வாரத்தில் மூன்றரை. அதற்குப் பிறகுதான் வாந்தி தொடங்கியது. முதலில் நாளுக்கு ஒரு தடவை, பிறகு பால் குடித்த ஒவ்வொரு தடவையும். எல்லாக் குழந்தைக்கும் தோளில் வழியுமே, அந்தக் கக்கல் இல்லை. பீய்ச்சியடித்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் விழுகிறது. துடைத்து முடிப்பதற்குள் கையைச் சப்பியபடி மறுபடி பாலுக்கு அழுகிறான்.

“தொக்கமா இருக்கும்டி, எடுத்துப் பாப்போம்” என்கிறார் பாட்டி. தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. அடைப்பு அதற்கு வெகு கீழே, இரைப்பை சிறுகுடலுக்குள் திறக்கும் வாசலில் இருக்கிறது. அங்கே வளையம்போல இருக்கும் தசை, பிறந்த சில வாரங்களில் சில குழந்தைகளுக்குத் தடித்துவிடுகிறது. ஏன் என்பது முழுதாகத் தெரியவில்லை. ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைப்பிள்ளைகளுக்கு, கூடுதலாக வருகிறது. பால் குடலுக்கே போவதில்லை. அதனால்தான் அந்தத் தீராத பசி. காய்ச்சலிலோ நோய்த்தொற்றிலோ வாந்தியெடுக்கும் குழந்தை பெரும்பாலும் துவண்டு பாலை மறுக்கும். இவன் கேட்டுக் குடிக்கிறான்.

டாக்டர் முதலில் கேட்பது வாந்தியின் நிறத்தை. பித்தநீர் குடலில் கலக்கும் இடம் இந்த அடைப்புக்குக் கீழே என்பதால் வாந்தி பால்வெள்ளையாகவே இருக்கும். பச்சையாக வந்தால் அது வேறு கதை. குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பால் கொடுத்துவிட்டு வயிற்றைக் கவனித்தால், இடமிருந்து வலமாக ஓர் அலை ஊர்வது சில குழந்தைகளிடம் தெரியும். தொப்புளுக்குச் சற்று மேலே வலப்பக்கம் கொட்டைப்பாக்குபோல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படலாம். உறுதி செய்வது ஸ்கேன்: தசையின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். மிக ஆரம்பத்தில் எடுத்தால் சந்தேகமாகவே வரலாம். வாந்தி நிற்காவிட்டால் ஓரிரு நாளில் திரும்ப எடுப்பார்கள்.

“ஆபரேஷன்னு சொல்லிட்டு ஏன் டிரிப்ஸ் மட்டும் போட்டு வெச்சிருக்காங்க?” என்று பெற்றோர் தவிப்பது இந்தக் கட்டத்தில்தான். வாந்தியோடு போனது பால் மட்டுமல்ல, இரைப்பையின் அமிலமும் உப்புகளும்தான். ரத்தம் காரத்தன்மை அடைந்தால் குழந்தையின் மூச்சு மந்தமாகும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால், பிறகு மூச்சு நின்றுபோகவும் கூடும். அதனால் உப்பு நீரும் பொட்டாசியமும் ஏற்றி, ரத்தப் பரிசோதனை சீரான பிறகே அறுவை அறைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு ஒருநாளோ இரண்டு நாளோ ஆகலாம். அவசரம் கத்திக்கு இல்லை, டிரிப்ஸுக்குத்தான்.

அறுவை 1912இல் ஜெர்மானியரான ராம்ஸ்டெட் வெளியிட்ட முறைதான். தடித்த தசையை நீளவாக்கில் கீறிப் பிளந்து, உள்சவ்வைத் தொடாமல், தையலும் போடாமல் விட்டுவிடுவார்கள். வாசல் தானே விரிந்துகொள்ளும். சில மணி நேரத்திலேயே பால் கொடுக்கலாம். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் கக்கினால் பயமில்லை. இரைப்பை இன்னும் வீங்கியிருக்கிறது. வாரக்கணக்கில் நீடித்தால்தான் கீறல் முழுமையாக விழவில்லையோ என்று பார்க்க வேண்டும்.